நகம் உரிகிறதா? க்யூட்டிகிள் ஆயிலும் ஹார்ட்னரும் வாங்கும் முன்

அழகுசாதனக் கடையில் நெயில் பாலிஷ் அடுக்கியிருக்கும் தட்டில் இரண்டு சின்ன பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று க்யூட்டிகிள் ஆயில். இன்னொன்று நெயில் ஸ்ட்ரெங்தனர், சிலவற்றில் நெயில் ஹார்ட்னர் என்று போட்டிருக்கும். நகம் உடைகிறது என்று சொன்னால் கடைக்காரர் இரண்டையும் சேர்த்தே எடுத்து வைப்பார். ஆனால் இரண்டின் வேலையும் கிட்டத்தட்ட நேர் எதிரானது. எண்ணெய், நகத்தின் வளையும் தன்மையைக் காப்பாற்றப் பார்க்கும். ஹார்ட்னர், அந்த வளைவைக் குறைத்து நகத்தை விறைப்பாக்கும். உங்கள் நகம் எந்த வகை என்று தெரியாமல் வாங்கினால், பாதிப் பேருக்குக் காசு வீண். சிலருக்கு இருந்ததைவிட மோசமாகும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் நகம் உயிரில்லாத பொருள். கெரட்டின் என்ற புரதம் நிறைந்த, தட்டையான செத்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிய ஒரு தகடு, அவ்வளவுதான். அதை உருவாக்கும் உயிருள்ள பகுதி, நகத்தின் அடிப்பக்கத் தோலுக்குள்ளே மறைந்திருக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ஆக, இன்று நுனியில் உரியும் பகுதி, தோலை விட்டு வெளியே வந்து நான்கைந்து மாதங்கள் ஆகியிருக்கும். இத்தனை மாதத்துத் தண்ணீர், சோப்பு, ரிமூவர் எல்லாவற்றையும் அது தாங்கியிருக்கிறது. பிரிந்துபோன அடுக்கை எந்த எண்ணெயும் எந்த பாலிஷும் திரும்ப ஒட்டவைக்காது. புதிதாக வளர்ந்து வருவதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. பாட்டில்களின் மேல் எழுதியிருக்கும் ‘ஊட்டமளிக்கிறது’, ‘உயிரூட்டுகிறது’ போன்ற சொற்களை இந்த இடத்திலேயே தள்ளிவிடலாம்.

முதல் படி: எந்த மாதிரி உடைகிறது என்று பாருங்கள்

பாலிஷை எல்லாம் எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பத்து விரல்களையும் பாருங்கள். நுனியில் மெல்லிய தாள் தாளாக, குறுக்குவாட்டில் அடுக்குப் பிரிகிறதா? பெண்களிடம் அதிகம் காண்பது இதுதான். பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சேதம். இல்லாவிட்டால், அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் கோடு விழுந்து, அந்தக் கோட்டின் வழியே பிளக்கிறதா? வயது ஏற ஏற இப்படிக் கோடுகள் வருவது சாதாரணம். ஆனால் சில தோல் நோய்களிலும் இது வரும்.

அடுத்து கால் விரல்களைப் பாருங்கள். தோல் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை இது. கை நகங்கள் உரிகின்றன, கால் நகங்கள் திடமாக இருக்கின்றன என்றால், சிக்கல் உடம்புக்குள்ளே இல்லை, கை படும் இடத்தில் இருக்கிறது. கால் நகங்கள் பாத்திரம் தேய்ப்பதில்லையே. கை, கால் இரண்டிலுமே நகம் மெலிந்து உடைந்தால் கதை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது, நகத்தின் நுனியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். தாள் போல எளிதில் மடங்கி, மடங்கிய இடத்தில் கிழிகிறதா? அல்லது வளையாமல் நின்று, கொஞ்சம் அழுத்தியதும் ‘டக்’ என்று முறிகிறதா? குளித்த உடனே பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லா நகமும் மடங்கும். கை காய்ந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு பாருங்கள். மடங்குவதா, முறிவதா என்ற இந்த ஒரு பதில்தான் ஹார்ட்னர் உங்களுக்கா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது படி: தண்ணீரைக் கவனியுங்கள்

நகத்தில் ஈரம் குறைந்துபோனால்தான் உடையும் என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள். 16 சதவீதத்துக்குக் கீழே போனால் உடையும் என்று ஒரு கணக்கும் இருந்தது. 2007இல் வந்த ஓர் ஆய்வில் உடையும் நகங்களையும் நல்ல நகங்களையும் அளந்து பார்த்தபோது, இரண்டின் நீர் அளவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைவிட, எத்தனை தடவை ஊறிக் காய்கிறது என்பதே இங்கே முக்கியம். நகம் தண்ணீரை வேகமாக உறிஞ்சி உப்பும். காயும்போது சுருங்கும். ஒரு நாளில் பல தடவை இப்படி நடந்தால், செல் அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பு தளர்ந்துபோகும். அதுவும் வெட்டுப்பட்ட நுனிதான் திறந்த வாசல். தண்ணீரும் சோப்பும் அடுக்குகளுக்கு நடுவே புகுவது அந்த வழியாகத்தான். உரிதல் நுனியிலேயே தொடங்குவதற்கு அதுவே காரணம்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது எண்ணெய் அல்ல, கையுறை. பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் ரப்பர் கையுறை. உள்ளே வேர்த்து நனைந்தால் பயனில்லை என்பதால், அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. நம் ஊர் வெயிலில் இரண்டு கையுறை போடுவது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். முடியாதவர்கள் ஒன்று செய்யலாம்: பாத்திரம் தேய்க்க உட்காரும் முன் நகத்தின் நுனியிலும் நுனிக்கு அடியிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். கையுறைக்கு ஈடாகாது, ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது. ஒன்று கவனம்: வாசலினும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். அவற்றைத் தடவிய கையில் நேராக ரப்பர் கையுறை போடாதீர்கள்.

நகத்தைச் சதையை ஒட்டிக் குட்டையாக வெட்டுங்கள். நீண்ட நுனி நெம்புகோல் வேலை செய்து அடுக்கைப் பிரிக்கும். வெட்டிய பிறகு நுண்ணிய அரத்தால், அல்லது கண்ணாடி நெயில் ஃபைலால், ஒரே திசையில் லேசாகத் தேய்த்து விளிம்பை மூடுங்கள். தூக்கிக்கொண்டிருக்கும் தாளைப் பிய்க்க வேண்டாம். பிய்த்தால் நல்ல பகுதியும் சேர்ந்து வரும். பூண்டு உரிக்க, டப்பா திறக்க, ஸ்டிக்கர் சுரண்ட நகத்தைக் கருவியாக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டியதுதான்.

மூன்றாவது படி: எண்ணெய், எப்படி, எவ்வளவு

க்யூட்டிகிள் ஆயில் நகத்தை வளர்க்காது, தடிப்பாக்காது. அது செய்வது இரண்டு வேலை. நகத்தின் மேலும் நுனியிலும் ஒரு மெல்லிய படலமாக நின்று, தண்ணீர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மெதுவாக்கும். நகத்தைச் சுற்றியுள்ள தோலை மென்மையாக வைத்து, நகக்கண்ணில் தோல் பிசிர் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வேலையை அது நன்றாகவே செய்யும். சில நாளிலேயே கண்ணுக்குத் தெரியும். முதல் வேலை நிதானமானது, தினமும் தடவினால் மட்டும் பலன் தருவது. காய்ந்து ‘டக்’கென்று முறியும் நகங்களுக்கு எண்ணெய்தான் பொருத்தமானது.

எந்த எண்ணெய்? கடையில் விற்பவற்றில் பெரும்பாலும் பாதாம், சூரியகாந்தி, ஜொஜோபா போன்ற எண்ணெய்களோடு வாசனையும் கொஞ்சம் வைட்டமின் ஈ-யும் இருக்கும். ஜொஜோபா மெழுகு வகை என்பதால் பிசுபிசுப்பு குறைவு. தடவிவிட்டு வேலை பார்க்கலாம் என்பது அதன் வசதி. வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் இந்த வேலையைச் செய்யும். விளக்கெண்ணெய் கெட்டியானது, அதிக நேரம் நிற்கும். இரவுக்கு நல்லது, பகலில் தொட்டதெல்லாம் ஒட்டும். விலை கூடிய பாட்டிலுக்கு உண்மையான ஒரே அனுகூலம் அதன் பிரஷ்தான். கைப்பையில் போட்டுக்கொள்ளலாம், பேருந்தில் உட்கார்ந்துகூடத் தடவலாம். அதற்காகக் காசு கொடுப்பது தப்பில்லை. தோல் எளிதில் அரிக்கும் என்றால் வாசனை சேர்த்ததைத் தவிருங்கள். வைட்டமின் ஈ-யும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

தடவும் முறை இதுதான். கையைக் கழுவித் துடைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே, ஒரு நகத்துக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாக எடுங்கள். நகத்தின் அடிப்பக்கத்தை மூடியிருக்கும் க்யூட்டிகிள் என்ற அடித்தோல் நகத்தைத் தொடும் வரியில் வைத்து, பக்கவாட்டில் தேய்த்து வந்து, கடைசியாக நுனியின் அடியிலும் ஓடவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி இடத்தைத்தான். உரிதல் தொடங்குவதே அங்கே என்பதால், அதை விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. தண்ணீர் வேலைக்குப் பிறகு ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை போதும். பாலிஷ் போடும் நாளில் மட்டும் எண்ணெயைச் சோப்பால் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மேல் பாலிஷ் பிடிக்காது, மறுநாளே பெயரும்.

எண்ணெய் போடும் சாக்கில் அடித்தோலை வெட்டிவிடாதீர்கள். நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கிருமி புகாமல் அடைக்கும் மூடி அது. அதை வெட்டினால் நகச்சுத்தி வர வழி திறக்கும். எலுமிச்சைச் சாறு, பூண்டுச் சாறு தடவச் சொல்லும் குறிப்புகளையும் விட்டுவிடுங்கள். பச்சைப் பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால் நெருப்புப் பட்டது போலப் புண்ணாகும்.

நான்காவது படி: ஹார்ட்னர் வேண்டுமா?

கடினம் வேறு, உறுதி வேறு. பச்சை அப்பளம் வளையும், எளிதில் உடையாது. பொரித்த அப்பளம் விறைப்பாக நிற்கும், தொட்டால் நொறுங்கும். நகமும் கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் உடையாமல் இருக்கும்.

ஹார்ட்னர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெறும் பூச்சு. சாதாரண பேஸ் கோட் போன்றது. சிலவற்றில் நைலான் இழையும் இருக்கும். மெல்லிய நகத்தின் மேல் இன்னொரு அடுக்காக நின்று தாங்கும், தண்ணீரையும் ஓரளவு தடுக்கும். எடுத்துவிட்டால் நகம் பழையபடிதான். இதில் பெரிய ஆபத்தும் இல்லை, அற்புதமும் இல்லை. இரண்டாவது வகை, நகத்தின் புரதத்தையே மாற்றுவது. ஃபார்மால்டிஹைடு, அல்லது அது தண்ணீரில் கரையும்போது உண்டாகும் மெத்திலீன் கிளைக்கால், கெரட்டின் இழைகளுக்கு இடையே புதுப் பிணைப்புகளைப் போடும். முதல் சில நாளில் நகம் நன்றாக விறைக்கும், நீளமும் நிற்கும். தொடர்ந்து போட்டால் பிணைப்பு கூடிக்கொண்டே போய் வளையும் தன்மை போய்விடும்.

என் நாத்தனாருக்கு நடந்தது அப்படியே இதுதான். பள்ளியில் ஆசிரியை, வீட்டில் இரண்டு வேளையும் பாத்திரம் அவர் கையில், ஞாயிறுதோறும் பாலிஷை மாற்றுவார். நுனி தாள் தாளாக உரிந்தது, மடங்கியது. ஹார்ட்னர் வாங்கித் தினமும் ஒரு பூச்சு போட்டார். இரண்டாவது வாரத்தில், “அண்ணி, இரும்பு மாதிரி ஆயிடுச்சு பாருங்க” என்று மேசையில் தட்டிக் காட்டினார். உண்மைதான், உரிதல் நின்றிருந்தது. அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு மாதம் கழித்து, சதையை ஒட்டியே குறுக்காக முறிய ஆரம்பித்தது. வலுப் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பூச்சைக் கூட்டினார். எல்லோரும் தவறாகப் படிக்கும் அறிகுறி இது. முன்பு மடங்கிக் கிழிந்த நகம் இப்போது மடங்காமல் முறிகிறது என்றால், ஹார்ட்னர் குறைந்துவிடவில்லை, கூடிவிட்டது.

மடங்கிக் கிழியும் நகம் உங்களுக்கு என்றால் ஹார்ட்னரைக் கொஞ்ச காலம் முயலலாம். ‘டக்’கென்று முறியும் நகம் என்றால் வேண்டவே வேண்டாம். முயல்பவர்கள் பாட்டிலின் சிறு எழுத்தைப் படியுங்கள்; ஃபார்மால்டிஹைடு, ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயர்கள் இருந்தால் அது இரண்டாவது வகை. அடித்தோலிலும் பக்கத் தோலிலும் வாசலின் தடவி, நகத்தில் மட்டும் படும்படி, நுனி விளிம்பையும் சேர்த்துப் பூசுங்கள். நகம் விறைத்துவிட்டது என்று தெரிந்த அன்றே நிறுத்துங்கள், பாட்டில் தீரும்வரை அல்ல. நகத்துக்கடியில் வலி, துடிப்பு, சிவப்பாகவோ நீலமாகவோ நிறமாற்றம், நகம் சதையை விட்டுத் தூக்குவது ஆகியவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இன்னொன்று எதிர்பாராத இடத்தில் வரும்: கண்ணிமை, கழுத்தில் அரிப்பும் தடிப்பும். விரலில் ஒன்றும் தெரியாது, ஆனால் விரலால் முகத்தைத் தொடுகிறோம். பாலிஷ் ஒவ்வாமைக்கு இது வழக்கமான அடையாளம்.

பூச்சை எடுக்கும்போதும் கவனம் தேவை. அசிட்டோன் நகத்தின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். அசிட்டோன் இல்லாத ரிமூவர் சற்று மென்மையானது, அதுவும் காயவைக்கத்தான் செய்யும். வாரம் ஒருமுறை எடுத்து எடுத்துப் போடுவதைவிட, பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்து, எடுப்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகத் தள்ளிப்போடுங்கள். ஜெல் பாலிஷைச் சுரண்டி எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்தப் படியும் பலிக்காது. நகத்தின் மேலடுக்கே சுரண்டலோடு போய்விடுகிறது.

கால்சியம் சேர்த்த ஹார்ட்னர் என்று விற்பதைப் பற்றியும் ஒரு வரி. நகத்தில் கால்சியம் இருப்பது மிகச் சொற்பம். அதன் கடினம் கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளால் வருவது. எலும்பின் கதையை நகத்துக்குப் பொருத்தி விற்கிறார்கள்.

ஐந்தாவது படி: பலன் இருக்கிறதா என்று அளப்பது

நாத்தனாருக்கு அப்புறம் செய்தது இது. ஹார்ட்னர் நின்றது. எல்லா நகமும் ஒட்ட வெட்டப்பட்டது. பாத்திரத்துக்குக் கையுறை, இரண்டு வேளை தேங்காய் எண்ணெய். கட்டைவிரல் நகத்தில், அடித்தோலுக்குப் பக்கத்தில் பேஸ் கோட் மேல் ஒரு சின்னப் பாலிஷ் புள்ளி வைத்துக்கொண்டார். புள்ளி நுனியை நோக்கி நகர நகர, அதற்கு அடிப்பக்கம் உள்ளது முழுக்கப் புதுப் பழக்கத்தில் வளர்ந்த நகம். அதை மட்டும் வைத்தே முடிவு சொல்ல வேண்டும். புள்ளி அழிந்தால் அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். ஒரு மாதத்தில் 3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அவர் நகத்தில் சேதம் நுனியிலிருந்து சதைப் பகுதிக்குள்ளும் ஏறியிருந்தது, சுமார் 6 மில்லிமீட்டர். அதை வெட்டித் தள்ள முடியாது. அது வளர்ந்து வெளியேற இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் உடைந்துகொண்டேதான் இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் நடுவில் வேறு பாட்டில் வாங்கத் தோன்றாது. மூன்றாவது மாதம் நுனி விளிம்பு சுத்தமாக நின்றது. முழு நகமும் மாற ஆறு மாதம் வரை ஆகலாம்.

எண்ணெயால் பலனா, கையுறையால் பலனா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், எண்ணெயை ஒரு கைக்கு மட்டும் தடவிப் பாருங்கள். வேலை அதிகம் செய்யும் கைக்குத் தடவினால் தீர்ப்பு இன்னும் நம்பகமாக இருக்கும். அது இயல்பாகவே அதிகம் அடிபடும் கை. அந்தக் கை தேறினால் எண்ணெய்க்குப் பங்கு இருக்கிறது. என் கணிப்பில், பெரும்பாலானோருக்குக் கையுறையும் குட்டை நகமுமே பெரும்பங்கு, எண்ணெய் அடுத்தது, ஹார்ட்னர் வெகு பின்னால்.

எண்ணெயால் ஆகாதவை

கை, கால் இரண்டிலும் நகம் மெலிந்து உடைந்தால், அதோடு களைப்பும் முடி கொட்டுவதும் இருந்தால், இரத்தப் பரிசோதனைதான் அடுத்த படி. ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் மருத்துவர் பார்ப்பார். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நகம் நடுவில் குழிந்து கரண்டி போல ஆகியிருந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். குதிரைக் குளம்பு பயோட்டினால் தேறியதைப் பார்த்துத்தான் மனித நகத்துக்கும் முயன்றார்கள். தினம் 2.5 மில்லிகிராம் கொடுத்துச் சில சிறு ஆய்வுகள் நடந்தன. சிலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் ஆதாரம் வலுவானதல்ல. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் இரத்தப் பரிசோதனைகளைத் தவறாகக் காட்டும். தைராய்டு அளவு மாறித் தெரியலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்தும் தெரியலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. பரிசோதனைக்கு முன் பயோட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு நகம் மட்டும் கெடுவது, மஞ்சளாகித் தடித்து உதிர்வது, ஊசியால் குத்தியது போலக் குழிகள், நகம் சதையை விட்டுக் கழன்று நிற்பது, நீளவாக்கில் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி அகலமாவது ஆகியவற்றுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பத்து விரலிலும் பாலிஷை எடுத்துவிட்டுப் போங்கள், கால் விரல்களிலும்தான். பூஞ்சை என்று சந்தேகம் இருந்தால் நகத் துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார்கள்; அதனால் முதல் நாளே ஒட்ட வெட்டிக்கொண்டு போகாதீர்கள், கொஞ்சம் நுனி விட்டுவையுங்கள்.